பியூஸ் விற்கும் கடைக்காரருக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் மின்பொருள் கடை நடத்தும் அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

கடைகளில் சின்னக் கண்ணாடி பியூஸ் எல்லாம் ஒரே டப்பாவுக்குள் கிடக்கிறது. ஆள் வந்து "மூன்று அம்பியர் ஒன்று தாங்கோ" என்றால் கையில் தட்டுப்படுவதை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பிறகு வரும் கோளாறுகள் திருத்துபவர்களான எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன.

கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குப் போகும் அம்பிளிபயரை எடுங்கள். உள்ளே பெரிய வளைய ட்ரான்ஸ்போமர். ஓடும்போது 2 அம்பியர்தான் இழுக்கும். ஆனால் சுவிட்சைப் போட்ட முதல் நூறில் ஒரு செக்கனுக்கு 30, 40 அம்பியர்கூடப் பாயலாம். மின்சாரத்தின் அலை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது சுவிட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். அதனால்தான் "சில நாள் வேலை செய்யுது, சில நாள் போட்டதும் பியூஸ் போகுது" என்கிறார்கள்.

அதற்குரிய பியூஸின் மூடியில் T3.15A என்று இருக்கும். T என்றால் மெதுவாக அறுவது: அதன் அளவின் பத்து மடங்கு மின்னோட்டத்தையும் குறைந்தது 20 மில்லிசெக்கன் தாங்கவேண்டும். F விரைவில் அறுவது. அதே பத்து மடங்கில் 20 மில்லிசெக்கனுக்குள் அறுந்துவிட வேண்டும். T இருந்த இடத்தில் F போட்டால் அடிக்கடி போகும். இரண்டு தரம் போனபின் வாடகைக்காரர் 10 அம்பியர் போடுவார், இல்லாவிட்டால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றுவார். பிறகு எரிவது ட்ரான்ஸ்போமர்.

அம்பியருக்குப் பின்னால் இருக்கும் L, H எழுத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய மின்னோட்டத்தைப் பியூஸ் பாதுகாப்பாக அறுக்கும் என்பதை அது சொல்கிறது. L எனில் 35 அம்பியர் அல்லது அதன் அளவின் பத்து மடங்கு, இரண்டில் கூடியது. 3.15 அம்பியருக்கு அது 35தான். H எனில் 1500.

அம்பிளிபயருக்குள் வயர் இரண்டும் முட்டியது என்று வையுங்கள். வீட்டு இணைப்பின் மொத்தத் தடை அரை ஓம் என்றால் 230-ஐ 0.5-ஆல் வகுக்க 460 அம்பியர். தூரத்து வயல்வீட்டில் தடை 2 ஓம் ஆனாலும் 115 வரும். L பியூஸின் கம்பி உடனே உருகும், ஆனால் உருகிய இடைவெளியில் தீப்பொறி நின்று மின்சாரம் தொடர்ந்து ஓடலாம், கண்ணாடி வெடிக்கலாம். H பெரும்பாலும் வெள்ளைச் செரமிக் குழாய், உள்ளே மணல். மணல் உருகி அந்தப் பொறியை விழுங்கிவிடும்.

அளவும் T, F எழுத்தும் வோல்ற்றும் ஒத்திருந்தால் L இருந்த இடத்தில் H போடலாம். மறுதலையாகக் கூடாது.

ஆகவே T, F இரண்டையும் L, H வாரியாக நான்கு டப்பாவாகப் பிரியுங்கள். வாங்க வருபவரிடம் பழைய பியூஸைக் கேட்டு மூடியைப் படியுங்கள். கண்ணாடி தெளிவாக, நடுவில் மட்டும் அறுந்திருந்தால் புதிதைக் கொடுங்கள். உட்பக்கம் கறுத்தோ வெள்ளிபூசியதுபோலவோ இருந்தால் சாதனத்துக்குள் ஷோட் இருக்கக்கூடும். முதலில் திருத்துபவரிடம் அனுப்புங்கள். சரியானது கைவசம் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் மின்சாதனம் திருத்துவோர்