மார்ச் 31 இரவு ஸ்டாக் எடுப்பது பற்றி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிக்கும் மேனேஜர் சாருக்கும்,

வணக்கம். மளிகைப் பிரிவில் வேலை செய்யும் நான் எங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

போன வருடம் காலை 10 மணிக்கு வந்தவர்கள், இரவு 10 மணிக்குக் கடையை மூடியதும் அப்படியே எண்ண உட்கார்ந்தோம். முடியும்போது மணி நாலு. மூன்று மணிக்கு மேல் எண்ணியதில்தான் தப்பு எல்லாம். 48 சோப்பு கொண்ட பெட்டிகள் 15 இருந்தன. ஒருவர் தூக்கக் கலக்கத்தில் 15 என்று மட்டும் எழுதிவிட்டார். சிஸ்டத்தில் 705 சோப்பு குறைவு! மறுபடி எண்ணிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் 9 மணிக்கே கடையைத் திறந்து விற்பனையும் தொடங்கிவிட்டது. இரண்டு நாள் பில்லையும் கழித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதுவரை அந்தப் பிரிவுப் பையன்மீதுதான் எல்லார் பார்வையும்.

அதனால் இந்த முறை பகலில் வேலை பார்த்தவர்களை இரவுக்கு நிறுத்த வேண்டாம். கடையை 8 மணிக்கு மூடுங்கள். இரவு ஆட்கள் தனியாக 9 மணிக்கு வரட்டும். ஒரு மணி வரை எண்ணி, ஒரு மணி நேரம் சாப்பாடும் ஓய்வும் முடித்து, 2 முதல் 6 வரை மீதியை எண்ணலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நாலு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு கேட்கிறது. டீயும் பன்னும் அந்தக் கணக்கில் சேராது. குடோனை முந்தின நாளே எண்ணி, சீட்டு ஒட்டிப் பூட்டிவிட்டால் இரவு வேலை பாதியாகும். கடைசி பில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வரும் சரக்கைத் தனியாக வைக்க வேண்டும்.

அடுத்து, காசு. போன முறை ஆளுக்கு 300 ரூபாயும் டிபனும் கொடுத்தீர்கள். மாதம் 15,600 வாங்குபவருக்கு 26 நாள் கணக்கில் நாளுக்கு 600, மணிக்கு 75. ஓ.டி. இரட்டிப்பு என்பதால் மணிக்கு 150. அந்த ஆறு மணி நேரத்துக்கு மட்டும் 900 வர வேண்டும். அதுவும் ஓ.டி. சேர்த்தே ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. ஆள் பிரித்துப் போட்டால் உங்களுக்கும் ஓ.டி. செலவு பெரிதாக வராது. இரவு வந்தவர்களுக்கு மறுநாள் வேலை வைக்கக் கூடாது, அதை வார லீவில் கழிக்கவும் கூடாது. பெண்கள் இரவில் வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வீடு வரை வண்டி விடுங்கள்.

காலையில் 11 மணிக்குத் திறந்தால் போதும். ஆறு மணிக்கு வரும் புது ஆட்கள் ஐந்து பேர், கணக்கு அதிகமாக இடிக்கும் பொருட்களை மட்டும் மறுபடி எண்ணிவிடுவார்கள். ஏப்ரல் முதல் தேதி என்பதால் சம்பளக் கூட்டம் இருக்கும் என்று சொல்வீர்கள், சரிதான். ஆனால் அந்தக் கூட்டம் எங்கள் கடையில் சாயங்காலம்தான் வரும்.

யார் இரவு, யார் காலை என்ற பட்டியலை 25-ஆம் தேதிக்குள் பலகையில் ஒட்டிவிட்டால் நாங்களும் வீட்டில் சொல்லிவைப்போம்.

இப்படிக்கு,
மளிகைப் பிரிவு ஊழியர்