பரிந்துரையில் என் பெயரை எடுத்தவர்களுக்கு நன்றி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் மேடத்துக்கும், கூட வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்கும், அலுவலகத்தில் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துத் தந்த அண்ணனுக்கும் வணக்கம்.

சுதந்திர தின விழாவில் ஆட்சியர் கையால் தரும் நற்சான்றிதழுக்கு இந்த வருடம் என் பெயரைப் பரிந்துரை செய்திருந்தீர்கள். என் துணை சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தைக்குக்கூட மூன்றாவது பென்டா தடுப்பூசி விட்டுப்போகவில்லை என்பதுதான் காரணம் என்று மேடம் சொன்னபோது வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அன்று ராத்திரி எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்தாயிற்று. மூன்றாம் நாள் வந்து, "மேடம், என் பெயர் வேண்டாம், பார்மசிஸ்ட் அண்ணன் பெயரைப் போடுங்கள்" என்றேன். நீங்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்ல வேண்டியது முதலில் அதற்குத்தான்.

ஆனால் அன்றைக்கு நான் காரணத்தைப் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதாமல் இந்த மடல் முழுசாகாது.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை. பார்மசிஸ்ட் அண்ணன் இரண்டு நாள் லீவு. சாயங்காலம் வண்டி வந்து பென்டா இருபது குப்பி இறங்கியது. பத்து டோஸ் குப்பி, ஆக இருநூறு டோஸ். வாங்கி வைக்க நான்தான் இருந்தேன். தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியில் மேலே தொங்கும் கூடை நிறைந்திருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கூடையைத் தூக்கி, குப்பிகளை அட்டைப்பெட்டியோடு அடித்தளத்தில் வைத்து மூடிவிட்டுக் கிளம்பினேன். தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது. இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிறதே, சரி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்தத் தெர்மாமீட்டர் கூடைக்குள் இருக்கிறது. அது சொல்வது கூடையின் குளிர்ச்சியை மட்டும்தான். அந்தப் பெட்டியில் அடித்தளம்தான் அதிகக் குளிர்ச்சி. கூடை நாலில் இருக்கும்போதே அடியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். போலியோ சொட்டு மருந்தும் தட்டம்மைக்குப் போடும் எம்.ஆரும் அடியில் கிடக்கலாம், உறைந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பென்டா, டி.டி., ஹெபடைடிஸ் பி எல்லாம் கூடையில்தான் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? பயிற்சியில் கேட்டதுதான், பரீட்சையில் எழுதியதுதான். பஸ் ஞாபகத்தில் மறந்தேன்.

செவ்வாய் சாயங்காலம் அண்ணன் ஊரிலிருந்து நேராக வந்து, புதன்கிழமைக்கு எண்ணி வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்திருக்கிறார். அட்டைப்பெட்டியைத் தூக்கினால் வரவில்லை. அடிப்பக்கம் பனியோடு தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்ததில் அட்டை கிழிந்து அடியில் நின்றுவிட்டது.

புதன் காலை நான் மருந்து எடுத்துப்போகும் கேரியரோடு போய் நின்றபோது அந்த இருபது குப்பியும் தனி டப்பாவில், "பயன்படுத்த வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதிக் கூடை ஓரமாக இருந்தன. ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்து தண்ணீராகத்தான் இருந்தது, கட்டி ஏதும் இல்லை. லேபிளில் மருந்து கெட்டால் நிறம் மாறிக் காட்டும் வி.வி.எம். குறி, அச்சடித்த அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி, வட்டத்துக்குள் சதுரம் வெள்ளை வெளேரென்று. "நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்றேன்.

"அது சூட்டுக்குத்தான் நிறம் மாறும் சிஸ்டர். குளிருக்கு வாயே திறக்காது" என்றார்.

கூடையில் பழைய இருப்பு மூன்று குப்பிதான். நிலையத்துக்கும் ஐந்து துணை நிலையங்களுக்கும் சேர்த்து ஆறு குப்பியாவது வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு, மேடத்திடம் கையெழுத்து வாங்கி, பைக்கில் கேரியரைக் கட்டிக்கொண்டு போய் நாலு குப்பி கடன் வாங்கி வந்தார். என் நிலையத்தில் அன்று ஊசி போடத் தொடங்கும்போது பத்தரை ஆகிவிட்டது. ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைத் திட்டித் தீர்த்தார். வாங்கிக்கொண்டேன், நியாயமான திட்டுதான்.

வாங்கி வந்த நாலையும் நேரே எங்கள் கையில் கொடுத்துவிடவில்லை. நாங்கள் ஆறு பேரும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் செருகப் பார்த்தோம், அதுதான் ஏற்கெனவே தாமதமாகிவிட்டதே. அவர் விடவில்லை. எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினார். மேல் பனி கரைந்து வேர்க்கட்டும் என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் சலசலத்தால்தான் கேரியருக்குப் போகும், சத்தம் வராதது மறுபடி மேசைக்கு. தாமதமான நாளில், வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஐஸ் பேக்கைக் காதில் வைத்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்கு எரிச்சல்தான் வரும். எனக்கும் வந்தது. கெட்டியாக உறைந்த பேக்கை ஒட்டி நிற்கும் குப்பிக்கு, முந்தின நாள் பெட்டியின் அடியில் நடந்ததேதான் கேரியருக்குள்ளும் நடந்திருக்கும்.

அன்று ராத்திரி சந்தேகக் குப்பிகளில் ஒன்றில் "உறைய வைத்தது" என்று எழுதி, ஃப்ரீசரில் போட்டுக் கல்லாக்கினார். வியாழன் காலை அதை வெளியே எடுத்துத் தானாக உருக விட்டார், வெந்நீரில் வைக்கவில்லை. நான் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "பத்து நிமிஷம் உட்காருங்க சிஸ்டர்" என்றார்.

மேசையில் நாலு குப்பி. வேண்டுமென்றே உறைய வைத்த ஒன்று, அட்டையின் அடி வரிசையிலிருந்து ஒன்று, மேல் வரிசையிலிருந்து ஒன்று. நாலாவது, முந்தின நாள் கூடையில் மிஞ்சிய நல்ல குப்பி. நாலையும் ஒரே கையில் கோர்த்துப் பிடித்துப் பதினைந்து விநாடி குலுக்கி வரிசையாக வைத்தார். வைத்தபோது நாலும் ஒரே மாதிரி, நீர்த்த பால் நிறம். இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உறைய வைத்த குப்பியின் கழுத்தடியில் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவு விழுந்தது. மெல்ல இறங்கியது. பக்கத்தில் இருந்த அடி வரிசைக் குப்பியிலும் அதே தெளிவு, அதே வேகம். மேல் வரிசைக் குப்பி கொஞ்சம் பிந்தியது, அவ்வளவுதான். பத்தாவது நிமிடத்தில் மூன்றிலும் மேலே தண்ணீர், கீழே சுண்ணாம்பு படிந்தாற்போல் வண்டல். நாலாவது மட்டும் பால் நிறம் மாறாமல் நின்றது.

மருந்தில் இருக்கும் அலுமினிய உப்பு உறைந்தால் துகள்கள் கட்டிக்கொண்டு கனத்துவிடும், அதனால்தான் சீக்கிரம் அடியில் இறங்குகிறது, உருக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது என்று அவர் விளக்கினார். நான் பாதி கேட்டேன். எனக்கு ஓடிக்கொண்டிருந்தது வேறு. அவர் லீவை இன்னொரு நாள் நீட்டியிருந்தால் இந்த இருபதையும் நாங்கள்தான் போட்டிருப்போம். ஊசி போட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அழும், லேசாகக் காய்ச்சல் வரும், அட்டையில் டிக் விழும். தொண்டை அடைப்பானுக்கும் கக்குவானுக்கும் ரண ஜன்னிக்கும் எதிராக அந்த உடம்பில் வர வேண்டிய பாதுகாப்பு சரியாக வந்திருக்காது. தாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விட்டுப்போகாமல் போட்டேன் என்று பெயர் வாங்கியிருப்பேன்.

அன்றே அவரிடம், அடியில் வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "தெரியும், நோட்டில் உங்க கையெழுத்து இருக்கே" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மாதக் கணக்கில் வீணான மருந்து என்ற பத்தியில் இருநூறு டோஸ் ஏறியது. ஏன் இவ்வளவு என்று மேலேயிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. குளிர்பதனப் பொறுப்பு அவருடையது, ஆகவே கடிதமும் அவர் பெயருக்கு. "வைக்கப்பட்ட இடம் தவறு, பொறுப்பாளர் நான்" என்று இரண்டு வரியில் பதில் எழுதினார். என் பெயர் அதில் இல்லை. அது எனக்கு மே மாதம்தான், அலுவலகத்தில் வேறு ஏதோ தேடும்போது நகலைப் பார்த்துத் தெரிந்தது.

அப்புறம் ஜூலையில் பரிந்துரைப் பட்டியல் தயாரானது. ஒரு பத்தியில் என் நூறு சதவீதம், இன்னொரு பத்தியில் அவருடைய இருநூறு டோஸ். பட்டியல் போட்டவர்கள் மேல் தப்பில்லை, தாளில் இருப்பதைத்தானே பார்க்க முடியும். பார்த்துக் குப்பையில் போட்டவர் கணக்கில் நஷ்டம் ஏறும். பார்க்காமல் ஊசி போட்டுவிட்டிருந்தால் எங்கள் இருவர் கணக்கும் சுத்தமாக இருந்திருக்கும்.

என் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்களைத் தேடித் தேடிப் போனது நான்தான், வெயிலில் நடந்தது என் கால்தான். அதற்கு வேறொரு வருடம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், இப்போதே சொல்லி வைக்கிறேன். இந்த வருடம் முடியாது.

மேடம், முழுக்கதையும் இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது. முன்பே சொல்லாததற்கு மன்னியுங்கள். கதை தெரியாமலே, "எழுத்தில் கொடும்மா, மாற்றிப் பார்க்கிறேன்" என்று சொன்னீர்கள். பட்டியல் மேலே போக ஒரே நாள் இருந்தபோது தாளைத் தேடி எடுத்துத் தந்த அலுவலக அண்ணனுக்கும், மாலை ஆறு மணிவரை நின்று புதிதாகத் தட்டச்சு செய்த தங்கைக்கும் நன்றி. "உனக்குப் பைத்தியமாடி" என்று கேட்டுவிட்டு, கேட்டுக்கொண்டே பார்மசிஸ்ட் அண்ணனுக்காக ஆளுக்கொரு பத்தி எழுதித் தந்த ஐந்து சிஸ்டர்களுக்கும் நன்றி. ஐந்து பேரும் சொல்லி வைத்தாற்போல் ஐஸ் பேக் கதையைத்தான் எழுதியிருந்தீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, மேடம் மட்டும் சிரிக்காமல் ஐந்தையும் இணைத்து அனுப்பினார்.

அண்ணன் பெயர் போயிருக்கிறது. கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. தன் பெயரை இந்த மடலில் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதவில்லை. விஷயத்தை அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "விழா காலையில் ஒன்பது மணிக்கு, அதுவும் மாவட்டத் தலைநகரில். அன்னிக்கு காலை டெம்பரேச்சர் யார் பார்ப்பது?" என்று கேட்டார்.

நான் பார்க்கிறேன் அண்ணே. கூடையிலும் பார்க்கிறேன், அடியிலும் கையை விட்டுப் பார்க்கிறேன்.