எல்.கே.ஜி. பெற்றோருக்கு: பத்துப் புளியங்கொட்டை எதற்கு?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்தனுப்பும்படி டைரியில் எழுதியிருந்தோம். டைரியைப் பார்த்த அன்று மாலையே நாலைந்து பேர் போன் செய்து எதற்கென்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

போன மாதக் கூட்டத்துக்கு வந்த ஓர் அப்பா, தன் மகள் ஐம்பது வரை சொல்வாள் என்றார். சொன்னாள். முப்பத்தொன்பது தாண்டியதும் கொஞ்சம் தடுமாறினாள், அவ்வளவுதான். என் மேசையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை எப்போதும் இருக்கும். அதை அவள் முன்னால் கொட்டி, "எனக்கு நாலு கொட்டை கொடு கண்ணு" என்றேன். கை கொள்ளுமளவு அள்ளிக் கொடுத்தாள். "இது நாலா?" "ஆமா." "எண்ணிப் பாரேன்." ஒவ்வொன்றாகத் தொட்டு ஒன்பது வரை பிசகாமல் எண்ணினாள். "சரி, இப்ப எத்தனை இருக்கு?" என்றதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் முகம் வாடிப்போனது. வாட வேண்டியதே இல்லை. நாலு வயதில் இது சாதாரணம்.

எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டு ஒப்பிப்பது போலத்தான். தொட்டு எண்ணும்போது கடைசியாக வாயில் வந்த எண்தான் மொத்தம் என்று தெரிவது வேறு விஷயம். இதைக் கண்டுபிடிக்க, கேட்ட எண்ணிக்கையை எடுத்துத் தரச் சொல்லும் இந்தச் சின்னச் சோதனையைக் கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் 1990 வாக்கில் பயன்படுத்தினார். குழந்தைகள் இதில் படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். முதலில் 'ஒன்று' கேட்டால் மட்டும் சரியாகத் தருவார்கள். அதற்கு மேல் எது கேட்டாலும் ஒரு பிடிதான். சில மாதங்கள் கழித்து 'இரண்டு' பிடிபடும், அப்புறம் 'மூன்று'. அதையடுத்து, எண்ணினாலே விடை கிடைத்துவிடும் என்ற சூட்சுமம் புரிந்துவிடுகிறது. பிறகு ஐந்தோ எட்டோ, கேட்டதை எண்ணி எடுப்பார்கள். நிறையப் பிள்ளைகளுக்கு இது நாலு வயதையொட்டி நடக்கிறது. முன்னே பின்னே ஆவதும் உண்டு.

அந்தப் பெண் ஒன்று கேட்டபோதும் இரண்டு கேட்டபோதும் சரியாகத் தந்தாள். மூன்றில்தான் பிடி வந்தது. அப்படியானால் வீட்டில் அவளுக்கு வேலை மூன்றோடுதான், ஐம்பத்தொன்றோடு அல்ல. உங்கள் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று இன்று ராத்திரியே பார்த்துவிடலாம். பத்துக் கொட்டையை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கேட்டு வாங்குங்கள். எங்கே பிடி வருகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். "தப்பு" என்று சொல்லிவிட்டால் மறுநாள் கொட்டையைக் கண்டாலே ஓடிவிடும்.

இனி விளையாட்டு. உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்ததுதான். நல்ல பருத்த புளியங்கொட்டையாக மூன்று எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான கல்லில் வெள்ளை தெரியும் வரை தேயுங்கள். தேய்க்கும் வேலை பெரியவர்களுடையது. தேய்த்த சூட்டோடு அடுத்தவர் கையில் வைத்துச் சுடும் வித்தை பிள்ளைகளுக்கு இப்போதே தெரிய வேண்டாம். ஒரு கிண்ணத்தில் பத்துப் பன்னிரண்டு மொச்சை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கொட்டையையும் உருட்டிப் போட வேண்டும். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை மொச்சையைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் கறுப்பாக விழுந்தால் ஒன்றும் இல்லை. அடுத்தது உங்கள் முறை. கிண்ணம் காலியானால் ஆட்டம் முடிந்தது.

இதில் இரண்டு காரியம் நடக்கிறது. மூன்று வரை உள்ளதை நாம் எண்ணுவதில்லை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. உருட்டி விழுந்ததில் பிள்ளையும் அப்படிப் பார்த்தே சொல்லும். அப்புறம் அதே அளவைக் கிண்ணத்திலிருந்து எடுக்கும்போது, மேலே சொன்ன சோதனையே விளையாட்டாகிவிடுகிறது. உங்கள் முறையில் இரண்டு வெள்ளை விழுந்தால் "ஒன்று, இரண்டு. இரண்டு மொச்சை" என்று எடுங்கள். கடைசியில் மொத்தத்தை ஒரு தடவை கூடச் சொல்வதுதான் முக்கியம். அந்தப் பெண்ணின் அப்பா தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் இதை ஆடினார். மூன்றாவது வாரம் மூன்று கேட்டேன், மூன்று வந்தது. நாலுக்கு இன்னும் பிடிதான். இருக்கட்டும், நாலாவது கொட்டையைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எண்ணும்போது விரல் ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் போனால், இடத்தை மாற்றி எண்ணச் சொல்லுங்கள். இந்தப் பக்கமிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் எண்ணியது எது, எண்ணாதது எது என்று குழப்பம் வராது. நாலு குழி இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போடுவது இன்னும் சுலபம். கூழாங்கல்லும் நல்லதுதான், தட்டையாகப் பார்த்து எடுங்கள். உருண்டைக் கல் உருண்டோடி எண்ணிக்கையைக் கெடுக்கும். துவரம்பருப்பு இந்த விரல்களுக்கு ரொம்பச் சிறியது. ஐந்து கொட்டையைப் பரப்பி வைத்தால் நெருக்கி வைத்த ஐந்தைவிட அது அதிகம் என்று பிள்ளை சாதிக்கும். வாதாடாதீர்கள், வயதானால் சரியாகிவிடும். ஒரு பையன் வகுப்பில் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணுகிறான். நெல் அளக்கும் தாத்தாவிடம் கற்றது. நாங்கள் திருத்தவில்லை.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. குன்றிமணி அழகாக இருக்கிறதென்று யாரும் அனுப்ப வேண்டாம், அது விஷம். ஆமணக்கு விதையும் அப்படித்தான். பட்டாணி, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாம் மூக்கிலோ காதிலோ போய்விட்டால் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அதை நினைத்துப் பாருங்கள். ஊக்கையோ குச்சியையோ விட்டு எடுக்க முயலாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் உட்கார்ந்துதான் ஆட வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அது தூங்கும் நேரத்தில் மட்டும் ஆடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடுங்கள். ஒன்று குறைந்தால் பாயைத் தூக்கிப் பார்த்து, பிள்ளையின் சட்டைப்பையையும் பார்த்து, அது கிடைக்கும் வரை தேடுங்கள். வகுப்பிலும் எங்கள் டீச்சர் அப்படித்தான் செய்கிறார். ஒருநாள் ஒரு கொட்டைக்காக மதிய மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் தேடினோம். ஷூவுக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கொட்டையைப் புளி ஒட்டாமல் கழுவி, வெயிலில் காயவைத்து, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டு அனுப்புங்கள். பையில் போடும்போது பிள்ளையே எண்ணிப் போடட்டும். ஒன்பதோ பதினொன்றோ வந்தாலும் பரவாயில்லை, நீங்கள் சரிசெய்து அனுப்பாதீர்கள். அதைப் பார்க்கத்தான் கேட்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்