வசந்திக்கு, செம்பூர்ல இருந்து

வசந்தி, நல்லா இருக்கியா டி. உன் மெயில் நேத்து ராத்திரிதான் படிச்சேன், தினேஷுக்கு சொறிஞ்ச இடமெல்லாம் கோடு கோடா தடிக்குதுன்னதும் எனக்கு என் கைதான் ஞாபகம் வந்துச்சு. அலர்ஜி டெஸ்டுக்குப் போகப் போறோம்னு எழுதியிருந்த பாரு, அதுக்கு முன்னாடி என் கதையக் கேட்டுரு.

ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு இங்க ஒரு லேப்ல ப்ரிக் டெஸ்ட் எடுத்தாங்க. முன்னங்கையில சொட்டு சொட்டா மருந்து வச்சு ஊசி முனையால லேசா குத்தி, 15 நிமிஷம் கழிச்சுப் பாத்தா கத்திரிக்கா, துவரம்பருப்பு, பால், எறால்னு எல்லாமே வீங்கியிருந்துச்சு. நானும் நம்பி மூணு மாசம் சாம்பார் கூட இல்லாம ரசஞ்சாதமும் அப்பளமுமா ஓட்டினேன், தடிப்பு மட்டும் நிக்கவே இல்ல. லோக்கல் ட்ரெயின்ல நசுங்கி ஆபீஸ் போய் சேர்றதுக்குள்ள ஹேண்ட்பேக் பட்டை உரசின இடத்துல தோள்ல செவப்பா ஒரு கயிறு படுத்த மாதிரி எழும்பி நிக்கும்.

அப்புறம் மாட்டுங்கால ஒரு ஸ்கின் டாக்டர் அந்த ரிப்போர்ட்ட வாங்கி மொத வரியத்தான் பாத்தார். அது வெறும் உப்புத்தண்ணி, ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக குத்தறது, அது வீங்கவே கூடாது. எனக்கு அதுவும் 4 மில்லிமீட்டர், கத்திரிக்காயும் 4. உப்புத்தண்ணிய விட 3 மில்லிமீட்டராவது பெருசா இருந்தாத்தான் அலர்ஜின்னு எடுத்துக்கணுமாம், அப்போ என் தோல் மருந்துக்கு வீங்கல, குத்தினதுக்கே வீங்கியிருக்கு. ஒரு மரக்குச்சியால கையில கோடு இழுத்தார், அஞ்சு நிமிஷத்துல பொடச்சு வந்துச்சு, முக்கா மணிநேரத்துல இருந்த இடம் தெரியல. டெர்மட்டோகிராஃபிசம்னு பேர் சொன்னார். தோல்ல இருக்கற மாஸ்ட் செல்னு ஒண்ணு உரசல் பட்டதுமே அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பற ஹிஸ்டமினை விட்டுருது, சாப்பாட்டுக்கு இதுல பெருசா வேலையே இல்ல. மூணு மாசம் வீணாப் போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

இப்ப தினமும் ராத்திரி அந்த ஹிஸ்டமினைத் தடுக்கற செட்ரிசின் மாத்திரை ஒண்ணு, 10 மில்லிகிராம். அரிக்கும்போது மட்டும் போட்டுட்டு இருந்த வரைக்கும் பிரயோஜனமே இல்ல, ஏன்னா மாத்திரை வேலை செய்றதுக்குள்ள தடிப்பு தானா அடங்கிரும். விடாம போட்டாத்தான் அடுத்தது கிளம்பாம இருக்கும். காலைல தூக்கம் கண்ணைக் கட்டினா வேற மாத்திரை இருக்கு, அவன் வயசுக்கு எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும். சுடுதண்ணிய வெதுவெதுன்னு ஆக்கிட்டேன், துண்டால தேய்க்காம ஒத்தி எடுக்கறேன், குளிச்ச ஈரத்தோடயே தேங்காயெண்ணெய், தோல் காய்ஞ்சா அரிப்பு ஜாஸ்தி. அரிச்சா நகம் படாம ஈரத்துணிய வச்சு அமுக்குவேன்.

தினேஷ் கையில பேனா மூடியால ஒரு கோடு இழுத்து, 10 நிமிஷத்துல ஒரு போட்டோ, ஒரு மணிநேரத்துல ஒரு போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டு. அவன் ஏற்கனவே செட்ரிசின் போட்டுட்டு இருந்தா கோடு வராமலும் போகலாம், அதையும் சொல்லிரு. ஒரே தடிப்பு ஒரு நாளுக்கு மேல நின்னு, கன்னிப்போன மாதிரி கறை விட்டா அது வேற சங்கதி, உடனே காட்டணும். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிரு.

போட்டோ எடுத்ததும் எனக்கும் அனுப்பு, என் கை போட்டோவோட வச்சுப் பாத்துட்டு ராத்திரி கூப்பிடறேன்.

உன்
மீனா