முதல் தவணையிலிருந்து ஆண்டுவாரியாக வட்டிக் கணக்கு கொடுங்கள்

வங்கியின் சென்னை வீட்டுக்கடன் மைய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேடவாக்கத்தில் உங்களிடம் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவர்கள் எழுதுகிறோம். 2024-25க்கான வட்டிச் சான்றிதழ் வந்துவிட்டது, நன்றி. அதில் பிரீ-இஎம்ஐ வட்டி ஒரு வரி, இஎம்ஐ வட்டி ஒரு வரி. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வட்டி எங்கேயும் இல்லை. கவுன்டரில் கேட்டால் "ஆப்ல பாருங்க சார்" என்கிறார்கள். ஆப்பில் பழைய ஆண்டுகள் திறப்பதில்லை.

இதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்கில் பாருங்கள். கடனின் முதல் தவணையை நீங்கள் 2021 ஜூனில் கொடுத்தீர்கள். கட்டுமானம் 2024 டிசம்பரில் முடிந்தது. வீட்டில் சொந்தக்காரரே குடியிருக்கிறார், பழைய வரி முறையில் ரிட்டர்ன் போடுகிறார். பிரிவு 24(பி)யின்படி, கட்டுமானம் முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரையிலான வட்டியைத்தான் ஐந்து சம பங்காகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்காகக் கழிக்க வேண்டும். 2021 ஜூன் முதல் 2024 மார்ச் வரை அது 3,00,000 ரூபாய் என்றால், இந்த ஆண்டுப் பங்கு 60,000.

உங்கள் சான்றிதழ் சொல்லும் 2024-25 பிரீ-இஎம்ஐ வட்டி 90,000, இஎம்ஐ வட்டி 38,000. பெயர் பிரீ-இஎம்ஐ என்றாலும் அந்த 90,000 நடப்பு ஆண்டு வட்டிதான், முழுவதையும் இப்போதே கழிக்கலாம். ஆக 90,000 + 38,000 + 60,000 = 1,88,000. இரண்டு லட்ச உச்சவரம்புக்குள் நிற்கிறது. பெயரை நம்பி 90,000ஐயும் ஐந்தாகப் பிரித்தவருக்கு 1,16,000தான் வரும். இந்த ஆண்டே 72,000 ரூபாய்க் கழிவு கைவிட்டுப் போகிறது. பழைய ஆண்டுக் கணக்கு கிடைக்காதவருக்கோ அந்த 60,000 அடியோடு போய்விடும்.

எனவே நாங்கள் கேட்பது ஒரே தாள்: முதல் தவணையிலிருந்து நிதியாண்டுவாரியாக வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு. கூடவே மார்ச் 31 அன்று கடன் பாக்கி, கடன் அனுமதித்த தேதி. இரண்டையும் ரிட்டர்ன் படிவம் கேட்கிறது, உங்கள் சான்றிதழில் இரண்டும் இல்லை.

டெபாசிட் பக்கமும் இதே கதைதான். சேமிப்புக் கணக்கு வட்டியையும் எஃப்டி வட்டியையும் கூட்டி ஒரே தொகையாக அச்சடிக்கிறீர்கள். அறுபது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 80டிடிஏ கழிவு சேமிப்பு வட்டிக்கு மட்டும், அதுவும் 10,000 வரைதான். எந்த வட்டி எவ்வளவு என்று வாடிக்கையாளர் ஜோசியமா பார்ப்பார்? இஎம்ஐ ஒருநாள் தவறினால் அபராதத்தைப் பைசா சுத்தமாகக் கணக்கிடும் கம்ப்யூட்டருக்கு இதைப் பிரிக்க மட்டும் தெரியாமல் போகிறது.

கோபம் இருக்கட்டும். அந்த ஆண்டுவாரிக் கணக்கை, ரிட்டர்ன் கெடுவுக்கு முன்பாக, கிளையிலேயே முத்திரையிட்டுத் தர ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மார்ச்சுக்கு முன் போட்ட தற்காலிகச் சான்றிதழைத் தேதி மாற்றித் தர வேண்டாம். நடுவில் வட்டி விகிதம் மாறியிருந்தாலோ முன்கூட்டி அசல் கட்டியிருந்தாலோ அதிலுள்ள தொகை தப்பாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
மேடவாக்கம் வீட்டுக்கடன்தாரர்கள்