குளக்கட்டுத் தளப் பார்வையை எழுத்தில் பதிந்து தருமாறு கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்.

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஊர்க் குளத்தின் கட்டும் துருசும் இப்போது திருத்தப்படுகின்றன. கடந்த வாரம் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஒப்பந்தகாரரின் மேற்பார்வையாளர், எங்கள் கமக்காரர் அமைப்பினர் எல்லோருமாகக் கட்டின் மேல் நடந்து வேலையைப் பார்த்தோம். குறைகள் தெரிந்தன, படம் எடுத்தோம், திருத்தச் சொல்லி உத்தியோகத்தர் வாயால் சொன்னார். எழுத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் கேட்டபோது மேற்பார்வையாளர், "அப்படி ஒண்டும் சொல்லேல்லையே" என்கிறார். அந்தப் பார்வையை முறையான கூட்டக் குறிப்பாகப் பதியச் செய்ய வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

எங்களுக்குப் பெரிய பயம் துருசடியில்தான். துருசுக் குழாயைச் சுற்றியுள்ள மண்ணை ஆறு அங்குலத் தட்டுகளாகப் போட்டு, ஈரம் பார்த்து, தட்டுத் தட்டாக இறுக்க வேண்டும். குழாய்க்குப் பக்கத்தில் பெரிய றோலர் போகாது, சிறு இடிகருவியால்தான் இறுக்கலாம். நாங்கள் கண்டது வேறு. முழங்கால் உயரத்துக்கு ஒரே தடவையில் மண் கொட்டி, பெக்கோ வாளியால் மேலே தட்டியிருந்தார்கள். இரும்புக் கம்பியை ஊன்றினால் கையழுத்தத்திலேயே ஒரு முழம் இறங்கியது. வெட்டிய மருதமரத்தின் வேரும் பக்கத்துக் கட்டுக்குள் அப்படியே கிடந்தது.

இறுகாத மண்ணும் உக்கிய வேரும் தண்ணீருக்கு வழி விடும். குளம் நிறைந்ததும் குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டி நீர் கசியும். கசிவு தெளிவாக இருக்கும்வரை கவனித்துப் பார்க்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம், அப்புறம் கட்டைக் காப்பாற்ற நேரம் மிகக் குறைவு. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் எவ்வளவு விரைவாக ஏறியது என்று தாங்கள் அறிவீர்கள்.

அன்று பார்த்ததை இப்படிப் பதிந்திருந்தால் போதும்:

"துருசின் வயல்பக்கம், கட்டின் தொடக்கத்திலிருந்து 140 மீற்றர். குழாயின் இருபக்கமும் மண் ஒரே தட்டாக நிரப்பப்பட்டுள்ளது, வேர் அகற்றப்படவில்லை. படங்கள் 7, 8, 9. ஒப்பந்தகாரர் இம்மண்ணைக் குழாயின் அடிவரை வெட்டி எடுத்து, வேரைக் களைந்து, பழைய கட்டில் படி வெட்டி, ஆறு அங்குலத் தட்டுகளாக மீண்டும் இறுக்க வேண்டும். வெட்டி முடித்ததும் ஆகஸ்ட் 12க்கு முன் அறிவிக்க வேண்டும். உத்தியோகத்தர் பார்த்து ஒப்பமிடும்வரை மண் போடக்கூடாது. இறுக்கத்தின் பரிசோதனை அறிக்கையுடன் வேலை முடிய வேண்டிய நாள் ஆகஸ்ட் 30."

இதில் "மண் போடக்கூடாது" என்ற வரிதான் உயிர். மூடிய பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. "விரைவில் திருத்தவும்" என்று எழுதினால் அது தவணை ஆகாது. ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும், காலபோகத்துக்குக் குளத்தில் நீர் கட்ட வேண்டும். அதனால் தவணைகளை மழையிலிருந்து பின்னோக்கி எண்ணி வைக்க வேண்டும்.

படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று எடுத்தவை வட்ஸ்அப்பில் கிடக்கின்றன. எது எந்த இடம் என்று இப்போதே குழப்பம், எல்லாம் செம்மண்தான். ஒவ்வொரு படத்துக்கும் எண், நாள், கட்டில் எத்தனையாவது மீற்றர், எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்பவை வேண்டும். ஆழம் தெரிய அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். திருத்திய பிறகு அதே இடத்தில் நின்று எடுத்த படம் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். அலைக்கல் அடுக்கிய இடத்திலும் மேலதிக நீர் வழியும் வானிலும் கண்ட சிறு குறைகளுக்கு ஒரு வரியும் ஒரு படமும் போதும்.

ஆகவே, கடந்த வாரப் பார்வைக்கான குறிப்பை, எல்லோருக்கும் நினைவு இருக்கும்போதே, சம்பந்தப்பட்டவர்களை மீண்டும் துருசடியில் கூட்டி எழுதுவிக்குமாறு வேண்டுகிறோம். இனிவரும் பார்வைகளில் குறிப்பைத் தளத்திலேயே எழுதி, உத்தியோகத்தரும் ஒப்பந்தகாரரின் ஆளும் எங்கள் செயலாளரும் அன்றே ஒப்பமிட வேண்டும். ஒப்பந்தகாரருக்கு மறுப்பு இருந்தால் அதையும் அதே தாளில் எழுதட்டும், அது அவருக்கும் பாதுகாப்பு. துருசு வேலைக்கான கொடுப்பனவுக்குப் பரிந்துரைக்குமுன் இந்தக் குறிப்பில் உள்ளவை முடிந்தனவா என்று பார்க்கப்பட வேண்டும்.

பிரதி ஒன்றை எங்களுக்கும் தாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கவும் எங்களால் முடியும். ஆனால் அதில் முடிவு சொல்லவே 14 வேலை நாட்கள் உண்டு, அதற்குள் துருசடி மூடப்பட்டுவிடும். தங்கள் பணிப்பு வரும்வரை அந்த இடத்தில் மண் நிரப்புவதை நிறுத்திவைக்குமாறு இன்றே அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
கமக்காரர் அமைப்பு

இணைப்பு: படங்கள் 1 முதல் 14 வரை, இடம் குறித்த கட்டின் கைவரைபடம்.