நால்வருக்கும் ஒரே மதிப்பெண் வேண்டாம்: விரிவுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புலத் தலைவர் அவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். சென்ற செமஸ்டர் குழுப்பணிக்கு எங்கள் நால்வருக்கும் 72 போட்டிருக்கிறீர்கள். ஒருவர் ஒரு பத்திகூட எழுதவில்லை என்று ஒன்பதாம் வாரமே சொன்னோம். "உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள்.

பேசினோம். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. கடைசி வாரம் நான் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் லைன் கிடைக்காது, கோயில் மேட்டுக்குப் போக வேண்டும். அவருடைய பகுதியையும் எழுதி முடிக்க இரவு ஒரு மணியாகிவிட்டது. விடிந்தால் பால்மரம் வெட்டப் போக வேண்டிய அம்மா, என்னைத் தனியே விட மனமில்லாமல் டார்ச் லைட்டோடு அதுவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதல்நிலைப் பட்டம் வாங்கினால் பிடிபிடிஎன் கல்விக் கடனிலிருந்து விலக்கு கேட்கலாம் என்பதால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கணக்கு உண்டு.

கேட்பது ஒன்றுதான்: யார் என்ன செய்தார் என்பது மதிப்பெண்ணில் தெரிய வேண்டும்.

பலர் சேர்ந்து கயிறு இழுக்கும்போது ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று பிரெஞ்சுக்காரர் ரிங்கெல்மான் 1913-லேயே எழுதினார். தன் பங்கு தனியாகத் தெரியும் என்றால் அந்தத் தளர்ச்சி குறைகிறது என்பதைப் பின்னால் வந்த சோதனைகள் காட்டின. வழியும் இருக்கிறது. ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கு இரகசியமாக 5-க்குப் புள்ளி போடட்டும். தனக்குத் தானே போடக் கூடாது. எங்கள் குழுவில் சராசரி 5, 5, 4, 2 என்று வந்தால் குழுவின் சராசரி 4. 72-இல் பாதியான 36 எல்லாருக்கும் பொது. மறுபாதியை அவரவர் சராசரிக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தால் 81, 81, 72, 54 என்று வரும்.

கூட்டாளிகள் பேசி வைத்து எல்லாருக்கும் 5 போட்டுக்கொள்வார்கள் என்பீர்கள். உண்மைதான். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி காரணம் கேளுங்கள். சந்தேகம் வந்தால் கூகுள் டாக்ஸில் யார் எப்போது எழுதினார் என்ற வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஏழாம் வாரத்தில், மதிப்பெண்ணில் சேராத ஒரு சுற்று நடத்துங்கள். லைன் இல்லாமல் தவிப்பவரும் வேண்டுமென்றே ஒதுங்குபவரும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் தெரிவார்கள். முதல் செமஸ்டரில் என்னையே அப்படி நினைத்தார்கள். அந்தச் சுற்று இருந்திருந்தால் நான் காரணத்தைச் சொல்லியிருப்பேன்.

ஒரே செமஸ்டரில் நான்கு பாடங்களுக்கு நான்கு குழுப்பணி கொடுக்கிறீர்கள். திருத்த வேண்டிய தாள்கள் குறைகின்றன. எங்கள் இரவுகள் நீள்கின்றன. ஒத்துழைக்கக் கற்றுக்கொள்ளத்தான் இது என்றால், ஒத்துழைக்காதவருக்கும் அதே 72 எப்படி வந்தது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். அடுத்த செமஸ்டர் பாடத்திட்டத்தை அச்சிடும் முன்பே தனித்தனி மதிப்பெண் முறையைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி